கிளெய்ம் பணம் எங்கே நிற்கிறது?

சம்பளம் மாதா மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. போன மாதம் டூர் போனபோது கைக்காசைப் போட்டுக் கட்டிய ஹோட்டல் பில்லும் டாக்ஸி வாடகையும் மட்டும் வரவில்லை. கிளெய்ம் போட்ட போர்ட்டலைத் திறந்தால் பச்சை எழுத்தில் `Paid` என்று இருக்கிறது. பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. ஃபைனான்ஸுக்குப் போன் போட்டால், “எங்க சைடுல கிளியர் ஆயிடுச்சு சார், பேங்க்ல கேட்டுப் பாருங்க” என்கிறார்கள். பேங்கில் போய் நின்றால், “எங்களுக்கு எதுவும் வரல சார், உங்க கம்பெனியில கேளுங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

போர்ட்டலில் தெரியும் அந்தப் பச்சை எழுத்து, கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி அடைக்கப்பட்டதைச் சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் வங்கிக் கணக்கை அது பார்த்ததே இல்லை. புத்தகத்தில் வரி அடைபடுவதற்கும் உங்கள் செல்போனில் எஸ்.எம்.எஸ். வருவதற்கும் நடுவே மூன்று நான்கு கை மாறுகிறது. எந்தக் கையில் பணம் நின்றுபோனது என்று தெரிந்துகொண்டு கேட்டால் ஒரு வாரத்தில் முடிகிற விஷயம், தெரியாமல் கேட்டால் மூன்று மாதம் இழுக்கும்.

முதலில், சம்பளம் வருகிறதே, இது ஏன் வரவில்லை என்ற சந்தேகம். சில கம்பெனிகள் கிளெய்ம் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்தே போட்டுவிடும். அங்கே பே ஸ்லிப்பில் தனி வரியாக அது தெரியும், தேடுவதும் சுலபம். பல கம்பெனிகளில், பெரியவற்றில் குறிப்பாக, ஏற்பாடு வேறு. சம்பளத்தைப் பார்ப்பது எச்.ஆரோடு சேர்ந்த பேரோல் பிரிவு. கிளெய்மைப் பார்ப்பது ஸ்டேஷனரி கடைக்கும் ஏ.சி. சர்வீஸ்காரருக்கும் பணம் கொடுக்கிற அக்கவுன்ட்ஸ் பேயபிள் பிரிவு. அவர்கள் கம்ப்யூட்டரில் ஊழியரும் ஒரு வெண்டார்தான். உங்களுக்கென்று ஒரு வெண்டார் எண் இருக்கும், அதற்குக் கீழே ஒரு வங்கிக் கணக்கு எண் பதிவாகியிருக்கும். சம்பளக் கணக்கு எண் பேரோலில் ஓரிடத்திலும், கிளெய்ம் போக வேண்டிய கணக்கு எண் இங்கே இன்னோரிடத்திலும் இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டு சிஸ்டத்தையும் இணைத்து வைத்த கம்பெனியில் மாறும், மற்றதில் மாறாது. ‘சம்பளம் வருதே, அப்ப அக்கவுன்ட் நம்பர் சரியாத்தான் இருக்கும்’ என்பது அதனால்தான் செல்லாத வாதம்.

மேனேஜர் ஒப்புதல் கொடுத்ததும் பணம் கிளம்பிவிடுவதில்லை. ஃபைனான்ஸ் பில்களைச் சரிபார்த்து, உங்கள் வெண்டார் கணக்கில் ‘இவருக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று ஒரு வவுச்சர் போடும். அதற்கு ஒரு ஆவண எண் விழும். அந்த வவுச்சருக்கு ஒரு கெடு தேதியும் உண்டு. ஏழு நாளில் கொடுப்பது என்று விதி இருந்தால், அந்த ஏழு நாள் முடியாமல் அது வரிசையில் வராது. வாரத்துக்கு ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ, கெடு வந்த வவுச்சர்களையெல்லாம் மொத்தமாக அள்ளிப் பணம் கொடுக்கும் வேலை நடக்கும். அதற்குத்தான் பேமென்ட் ரன் என்று பெயர். எஸ்.ஏ.பி. மென்பொருள் வைத்திருக்கும் கம்பெனிகளில் இதற்கான திரையின் குறியீடு `F110`. ஃபைனான்ஸில் இருப்பவர்கள் பேச்சிலேயே “எஃப் ஒன் டென் ஓட்டியாச்சா?” என்று கேட்டுக்கொள்வார்கள்.

ரன் இரண்டு கட்டமாக ஓடும். முதலில் ஒரு உத்தேசப் பட்டியல் வரும். யார் யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும், கூடவே யாரையெல்லாம் ஏன் விட்டுவிட்டது என்று ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கும். பிரிவில் ஒருவர் அதைப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் உண்மையான ரன் ஓடி, புத்தகத்தில் வரிகள் அடைபடும். விலக்குப் பட்டியலில் உங்கள் பெயர் விழுந்திருந்தால் போர்ட்டலில் `Paid` வராது, `Approved` என்றே வாரக்கணக்கில் நிற்கும். காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. வங்கி விவரமே பதிவாகாமல் இருக்கலாம். யாரோ வவுச்சருக்குத் தடை போட்டிருக்கலாம். ஹோட்டல் பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் உங்கள் பெயர் மட்டும் இருந்தால், அதைத் தீர்க்கும்வரை இப்படி நிறுத்தி வைக்கும் கம்பெனிகள் உண்டு. டூர் அட்வான்ஸ் வாங்கிக் கணக்குக் கொடுக்காமல் இருந்தால் இன்னொரு சிக்கல். கம்பெனிக்கு நீங்கள் தர வேண்டியது அதிகம் என்று கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்து உங்கள் வரியைத் தாண்டிப் போய்விடும். இந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “போன ரன்ல என் வவுச்சர் எக்ஸப்ஷன்ல வந்ததா, என்ன காரணம் காட்டுது?” இதற்கான பதில் அவர்கள் திரையிலேயே இருக்கிறது.

`Paid` என்று வந்தும் பணம் வராததுதான் சிக்கலான வகை. அதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

கோவைக் கிளையிலிருந்து மதுரை, திருநெல்வேலிப் பக்கம் சுற்றும் ஒரு விற்பனைப் பிரதிநிதி என்று வைத்துக்கொள்வோம். 2025 மே மாதக் கடைசியில் 18,640 ரூபாய்க்குக் கிளெய்ம் போடுகிறார். ஜூன் 6-ல் மேனேஜர் ஒப்புதல் ஆகிறது. 11-ம் தேதி ஃபைனான்ஸ் வவுச்சர் போடுகிறது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை ரன். 13-ம் தேதி ரன்னில் அவர் பெயர் வரவில்லை, ஏழு நாள் கெடு முடியாததால். 20-ம் தேதி ரன்னில் வந்துவிடுகிறது. அன்று மதியமே போர்ட்டலில் `Paid`. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார், பணம் இல்லை.

அன்று நடந்தது இது. ரன் ஓடியதும் கம்ப்யூட்டர் ஒரு வங்கிக் கோப்பைத் தயாரிக்கிறது. அதில் நூறு, நூற்றைம்பது பேரின் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., தொகை இருக்கும். ஒருவர் அதை வங்கியின் கார்ப்பரேட் தளத்தில் ஏற்றுவார். கையெழுத்து அதிகாரம் உள்ள இன்னொருவரோ இருவரோ அங்கே போய் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஆள் லீவில் இருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும். போர்ட்டல் அதற்குள் `Paid` காட்டியிருக்கும், ஏனென்றால் ரன் ஓடியபோதே வரி அடைபட்டாயிற்று. ஆகவே `Paid` விழுந்த பின் முதலில் உறுதிப்படுத்த வேண்டியது, கோப்பை வங்கி வாங்கிக்கொண்டதா என்பதை. அதற்கு அத்தாட்சி யூ.டி.ஆர். எண். வங்கி ஒவ்வொரு நெஃப்ட் பரிமாற்றத்துக்கும் போடும் தனி எண் அது. எண் இல்லையென்றால் பணம் இன்னும் கம்பெனியை விட்டே கிளம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. கம்பெனியும் நீங்களும் ஒரே வங்கியில் கணக்கு வைத்திருந்தால் பணம் நெஃப்ட் வழியே போகாது. அப்போது யூ.டி.ஆருக்குப் பதிலாக வங்கியின் சொந்தக் குறிப்பு எண்ணைக் கேட்க வேண்டும்.

நம்ம பிரதிநிதிக்கு எண் இருந்தது. அவருக்குக் கிடைத்தது இந்த வடிவத்தில் என்று கொள்வோம்:

```
XXXXN25171004682
```

நெஃப்ட் எண்ணின் வழக்கமான பதினாறு எழுத்து வடிவம் இது. முதல் நான்கு எழுத்து அனுப்பும் வங்கி. ஒரு எழுத்து தள்ளி வரும் 25 என்பது 2025. அடுத்த 171, ஆண்டின் 171-வது நாள், அதாவது ஜூன் 20. மிச்சம் வரிசை எண். எல்லா வங்கிகளும் இதே அமைப்பைப் பின்பற்றுவதில்லை, சிலவற்றில் எண் இதைவிட நீளம். ஆனாலும் இப்படிப் படிக்கத் தெரிந்தால் ஒரு உபயோகம் உண்டு. அவசரத்தில் ஃபைனான்ஸ் போன மாதக் கிளெய்முக்கான எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எண்ணை எடுத்துக்கொண்டு அவர் தன் வங்கியில் கேட்டார். அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். இந்த இடத்தில் ஃபைனான்ஸில் சொல்லும் வழக்கமான சமாதானம் ஒன்று உண்டு: “பேங்க்ல ரெண்டு மூணு நாள் ஆகும் சார்.” இதை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் ஞாயிறு, விடுமுறை பார்க்காமல் இருபத்துநாலு மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி பணத்தைக் கணக்கில் ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் அனுப்பிய வங்கிக்கே திருப்பிவிட வேண்டும். தாமதித்தால் ரெப்போ வட்டியோடு இரண்டு சதவீதம் கூட்டி அபராத வட்டி தர வேண்டும். ஆகவே மறுநாள் காலையிலும் பணம் ஏறவில்லை என்றால் அது அநேகமாக வழியில் இல்லை. ஒன்று, நீங்கள் பார்க்காத ஏதோ ஒரு கணக்கில் ஏறியிருக்கிறது, இல்லையேல் திரும்பிப் போயிருக்கிறது.

பிரதிநிதி ஏப்ரலில் சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றியிருந்தார். எச்.ஆர். போர்ட்டலில் புது எண்ணைக் கொடுத்தார், மே மாதச் சம்பளம் ஒழுங்காகப் புதுக் கணக்கில் வந்தது. நம்பிக்கையோடு பழைய கணக்கை மூடிவிட்டார். வெண்டார் பதிவில் பழைய எண்ணே இருந்தது. ஜூன் 20 மாலை பழைய வங்கி, கணக்கு மூடப்பட்டது என்ற காரணம் போட்டு 18,640 ரூபாயைத் திருப்பிவிட்டது. பணம் அன்று இரவே கம்பெனியின் கணக்கில் பத்திரமாக வந்து உட்கார்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

ஏன் கவனிக்கவில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. கோப்பில் இருந்த நூற்றுச் சொச்சம் பேருக்கான தொகையும் வங்கி ஸ்டேட்மென்டில் ஒரே பற்றாக, முப்பது லட்சம் சில்லறை என்று போயிருக்கும். திரும்பி வந்த தொகை இரண்டு மூன்று வரி தள்ளி, ஒரு தனி வரவாக நிற்கும். விவரப் பகுதியில் பழைய யூ.டி.ஆர். எண்ணும் ஏதோ ஒரு சுருக்கெழுத்தும் இருக்கும், உங்கள் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. அந்த காலத்து மணியார்டர் ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பினால் தபால்காரர் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லுவார். இங்கே சொல்ல ஆள் இல்லை. ஸ்டேட்மென்டையும் புத்தகத்தையும் ஒப்பிடும் ரீகன்சிலியேஷன் வேலை செய்பவர், இந்த வரவு யாருடையது என்று தெரியாமல் ‘அடையாளம் தெரியாத வரவு’ என்று ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்பார். அந்த ஆள் வேறு, கிளெய்ம் பார்க்கும் ஆள் வேறு, பல கம்பெனிகளில் ஊரும் வேறு. கிளெய்ம் பார்ப்பவர் திரையில் உங்கள் வரி அடைபட்டே இருக்கும். அதனால்தான் அவர் அவ்வளவு உறுதியாகக் கிளியர் ஆயிடுச்சு என்கிறார்.

அப்படியானால் கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். ‘பணம் வரல, பாருங்க’ என்று எழுதினால் அவர் பார்க்கப்போவது அதே திரையைத்தான். அவரை வங்கி ஸ்டேட்மென்டைப் பார்க்க வைக்கும்படி எழுத வேண்டும். பிரதிநிதி ஜூலை 1-ம் தேதி அனுப்பிய மெயிலைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> வணக்கம் மேடம். மே மாதக் கிளெய்ம், தொகை ரூ. 18,640, ஜூன் 20 ரன்னில் பணம் கொடுத்ததாகக் காட்டுகிறது. என் கணக்கில் ஏறவில்லை, ஜூன் 20 முதல் 30 வரையிலான ஸ்டேட்மென்டை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து மூன்று விவரம் வேண்டும். எந்தக் கணக்கு எண்ணுக்குப் போனது, கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும். யூ.டி.ஆர். எண். ஜூன் 20-க்குப் பிறகு கம்பெனி வங்கி ஸ்டேட்மென்டில் இதே தொகை நெஃப்ட் ரிட்டர்ன் என்று வரவாகி இருக்கிறதா. ரீகன்சிலியேஷன் பார்ப்பவரையும் இதில் சேர்த்துவிட்டால் உதவியாக இருக்கும்.

முதல் கேள்வியே பாதி வழக்குகளை முடித்துவிடும் என்பது என் எண்ணம். கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்ததுமே ‘இது என் பழைய கணக்கு’ என்று தெரிந்துவிடும். மூன்றாவது கேள்வியில் தொகையையும் தேதியையும் சொல்லித் தேடச் சொல்வதுதான் சூட்சுமம். 18,640 போன்ற ரவுண்டாக இல்லாத தொகையை ஸ்டேட்மென்டில் தேட ஒரு நிமிடம் ஆகாது. இரண்டு கிளெய்ம் சேர்ந்து ஒரே தொகையாகப் போயிருந்தால் மட்டும் கூட்டுத்தொகையைத் தேட வேண்டும். ரன் ஒரு வெண்டாருக்கான வவுச்சர்களைச் சேர்த்து ஒரே பரிமாற்றமாகவே அனுப்பும். அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு குறைத்து அனுப்பியிருக்கவும் கூடும். தன் ஸ்டேட்மென்டில் 18,640-ஐத் தேடி, 13,640 வந்திருப்பதைக் கவனிக்காமல் புகார் செய்பவர்களும் உண்டு.

திரும்பி வந்த வரவு கிடைத்துவிட்டால் போதும், மீதி நடைமுறைதான். ஆனால் அதற்கும் நாள் பிடிக்கும். பழைய கொடுப்பனவுப் பதிவை ரத்து செய்து, அடைபட்ட வவுச்சரை மறுபடி திறக்க வேண்டும். சஸ்பென்ஸில் கிடக்கும் தொகையை அதோடு பொருத்த வேண்டும். புதுக் கணக்கு எண்ணை வெண்டார் பதிவில் ஏற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு ரத்து செய்த காசோலை, மேனேஜர் அல்லது எச்.ஆர். ஒப்புதல் என்று கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் இதில் நான் ஃபைனான்ஸ் பக்கம். ஊழியர் பேரில் போலி மெயில் அனுப்பி ‘என் கணக்கு எண்ணை மாற்றுங்கள்’ என்று கேட்டுப் பணம் சுருட்டுவது இப்போது வழக்கமான மோசடி. நம்ம பிரதிநிதிக்கு ஜூலை 2-ல் விடை தெரிந்துவிட்டது. எண் மாற்றத்துக்கு ஒப்புதல் 8-ம் தேதிதான் வந்தது. இடையில் ஜூலை 4 ரன் தவறிப்போனது. 11-ம் தேதி ரன்னில் புது யூ.டி.ஆரோடு பணம் ஏறியது. எண்ணைத் திருத்துவதற்கு முன்பே அவசரப்பட்டு வவுச்சரைத் திறந்திருந்தால், 4-ம் தேதி ரன்னில் பணம் மறுபடி மூடிய கணக்குக்கே போய் மறுபடி திரும்பியிருக்கும். இது உண்மையில் நடப்பதுதான். ஆகவே எண் மாறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த ரன்னில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

வங்கி இணைப்புகளாலும் இதே கதை நடக்கும். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு சேர்ந்தது. அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கொஞ்ச காலம் செல்லுபடியானது, பிறகு நிறுத்தப்பட்டது. வெண்டார் பதிவில் `LAVB` என்று தொடங்கும் குறியீடு இன்னும் இருந்தால் பரிமாற்றம் தோற்றுப்போகும். பல வருடம் கிளெய்மே போடாமல் இருந்து இப்போது போடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பி வராமல் போவதும் உண்டு, அதுதான் மோசம். பழைய கணக்கை மூடாமல் மறந்துபோய் விட்டிருந்தால் பணம் அதிலேயே ஏறியிருக்கும். இரண்டு வருடமாக நீங்கள் பரிவர்த்தனை செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும், ஆனால் வரவை அது வாங்கிக்கொள்ளும். அப்போது கம்பெனியில் கேட்பதற்கு ஒன்றுமில்லை, பழைய வங்கிக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்து எடுக்க வேண்டியதுதான். இலக்கம் மாறி வேறொருவர் கணக்குக்குப் போனால் இன்னும் சிரமம். பெறுபவர் பெயரை ஒப்பிடாமல், கணக்கு எண்ணை மட்டும் வைத்து வங்கி வரவு வைக்கலாம் என்பது விதி. 2025 ஏப்ரல் முதல் நெஃப்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸிலும் அனுப்புவதற்கு முன் பெறுபவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. நூற்றைம்பது பெயர் உள்ள கோப்பை ஒரே மூச்சில் ஏற்றும்போது யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்பது வேறு கதை. இலக்கம் எப்படி மாறுகிறது என்று கேட்டால், எக்செல் பல நேரம் காரணம். சைபரில் தொடங்கும் கணக்கு எண்ணில் அது சைபரைத் தின்றுவிடும். பதினாறு இலக்க எண்ணில் கடைசி இலக்கத்தைச் சைபராக்கிவிடும், ஏனென்றால் பதினைந்து இலக்கத்துக்கு மேல் அதற்குக் கணக்கு நிற்காது.

தவறிப்போய் வேறொருவருக்கு ஏறிய பணத்தை வங்கி தானாகப் பிடுங்கிக் கொடுக்காது, வாங்கியவர் சம்மதம் வேண்டும். அதற்கான கடிதத்தைத் தன் வங்கிக்கு எழுத வேண்டியது அனுப்பிய கம்பெனி. நீங்கள் கொடுத்த எண் சரியாக இருந்து அவர்கள் ஏற்றியது தப்பாக இருந்தால், அந்தப் பணம் திரும்பி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இல்லை. உங்களுக்குத் தர வேண்டியது அப்படியே நிற்கிறது. எண்ணைக் கொடுத்த மெயிலோ போர்ட்டல் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டோ அப்போதுதான் உதவும்.

வேலையை விடப் போகிறவர்கள் இதையெல்லாம் கடைசி நாளுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். வேலைக்காகச் செய்த செலவை ஈடுகட்டும் தொகை சட்டத்தின் பார்வையில் ஊதியம் ஆகாது. அதனால் சம்பள பாக்கிக்கு இருக்கும் கெடுவை இதற்குக் காட்டிச் சண்டை போடுவது கடினம். ரிலீவ் ஆனதும் போர்ட்டல் உள்நுழைவு போய்விடும், வெண்டார் பதிவையும் முடக்கிவிடுவார்கள். முடக்கிய வெண்டாருக்கு ரன் பணம் அனுப்பாது. திரும்பி வந்த பணம் ஏதாவது இருந்தாலும் அதைக் கேட்க வவுச்சர் எண்கூடக் கையில் இருக்காது. கடைசி வாரத்தில், வர வேண்டிய கிளெய்ம் ஒவ்வொன்றின் ஆவண எண், தொகை, ரன் தேதி மூன்றையும் குறித்துச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொண்டால், ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்டில் அவற்றைச் சேர்க்கச் சொல்லி எழுதலாம். அந்தக் கணக்கைப் போடுவது பேரோல் பிரிவு. பக்கத்துப் பிரிவின் சஸ்பென்ஸில் உங்கள் 18,640 கிடப்பது அவர்களுக்கு, நீங்கள் சொன்னால் தவிர, தெரியாது.